கத்தி வைக்க இடமில்லாத சவுக்காரம்

ஜப்பான்காரன் வந்த பிறகு கிள்ளானில் என் சரக்குக் கிட்டங்கியில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் போனது. அதற்கு முன்பு பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டி பெட்டியாகச் சரக்கு இறங்கும். கூலியாட்கள், படகுக்காரர்கள், தரகர்கள் என்று வாசல் எப்போதும் இரைச்சலாக இருக்கும். கப்பல் நின்றதும் எல்லாம் நின்றது. மனைவியும் இரண்டு மகள்களும் கடல் தாண்டி ஊரில். சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் மைத்துனர் கல்யாணத்துக்கு என்று அனுப்பி வைத்தேன். கப்பல் நின்றபின் அவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

விற்பதற்குச் சரக்கு இல்லாதபோதுதான், குளிக்கவும் துவைக்கவும் ஆகும் சவுக்காரம் காய்ச்ச ஆரம்பித்தேன். கேரி தீவிலிருந்து தேங்காய் எண்ணெய் படகில் வரும். சில நேரம் செம்பனை எண்ணெயும் கிடைக்கும். அதோடு சேர்க்கச் சோடாக் காரம்தான் கிடைக்காது. தேங்காய் மட்டையை எரித்த சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவிட்டு, அந்தத் தெளிநீரில் எண்ணெயைக் காய்ச்சுவோம். அப்படியே விட்டால் கூழாகத்தான் இருக்கும். கடைசியில் உப்பை அள்ளிக் கொட்டினால் சவுக்காரம் பிரிந்து மேலே கட்டி கட்டியாக மிதக்கும். அதை அள்ளி மரத்தொட்டியில் கொட்டி, ஆறியதும் நீள நீளமான பாராக அறுத்துக் கடைகளுக்கு அனுப்புவேன்.

பாரில் பெயரும் கிடையாது, அடையாளமும் கிடையாது. கடைக்காரர்கள் கத்தியால் துண்டு போட்டு விற்பார்கள். வாங்குகிறவர்களுக்கு அது அந்தக் கடைச் சவுக்காரம். நான் ஒருவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. மொத்த வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று நானும் இருந்தேன்.

என்னிடம் அதிகம் வாங்கியவர் பட்டணத்தில், ரயிலில் போய்ச் சேரும் பிரிக்பீல்ட்ஸில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சண்டைக்கு முன்பிருந்தே பழக்கம். அரிசி கிடைக்காத அந்த முதல் மாதங்களிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னை வரச் சொல்லிச் சாப்பாடு போடுவார். மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான். ஆனாலும் ஒரு வீட்டின் அடுப்படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒருநாள் காலை ரயிலில் ஒரு அம்மா என்னைத் தேடிக் கிள்ளானுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் ரயில்வேயில் எழுத்தர், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. முந்தானையில் முடிந்துவைத்திருந்த சவுக்காரத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நீங்கள் செய்த சவர்க்காரமோ?" என்று கேட்டார். "பிள்ளையைக் குளிப்பாட்டினேன். தோல் எல்லாம் பொரிஞ்சு போச்சுது. கடையில கேட்டால் கிள்ளானில இருந்து வாறது எண்டு சொல்லுகினம்."

கையில் எடுத்துப் பார்த்தேன். நறநறவென்று இருந்தது. மரவள்ளி மாவு கலந்திருந்தார்கள். நாக்கு நுனியில் வைத்ததும் சுரீர் என்றது. காரம் சரியாகச் சேராமல் அப்படியே தங்கியிருந்தது. என் சரக்கு இல்லை. அப்போது ஆளாளுக்குச் சவுக்காரம் காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். என் சரக்கு போதாத நாட்களில் கடைக்காரர்கள் அதையும் வாங்கி என் பாரோடு சேர்த்து அடுக்கிவிடுவார்கள். வெட்டிய பிறகு எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

"இது என்னுடையது இல்லை அம்மா," என்றேன்.

"அதை நான் எப்படி நம்புறது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் சரக்கில் ஒரு துண்டைக் கொடுத்து, முதலில் தன் கையில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்து, பிள்ளைக்கு ஆறிவிட்டது என்றார். அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். என் மகள்களின் வயதைக் கேட்டார். அவர்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அதன் பிறகும் கிள்ளானில் தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் கிட்டங்கியில் தலைகாட்டிவிட்டுப் போவார்.

என் சவுக்காரத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் தோன்றியது. சீனத் தச்சர் ஒருவரிடம் மர அச்சு செய்யச் சொன்னேன். உள்ளங்கை அளவு கட்டி. மேலே கிணறு ஒன்றின் படம். கீழே 'கிணறு சவுக்காரம்' என்று எழுத்து. ஒவ்வொரு கட்டியும் தனித்தனி.

அது வரைக்கும் சரிதான். அதை மக்களுக்குத் தெரியவைக்க நான் செய்த வேலைதான் கோளாறு. பிரிக்பீல்ட்ஸ் சந்தை ஓரத்தில் ஒரு மேசை போட்டு நானே விற்றேன். சீக்கிரம் பரவட்டும் என்று கடைகளுக்குக் கொடுக்கும் விலையிலேயே கொடுத்தேன். குவார்ட்டர்ஸ் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்ந்தது. அன்று ரயிலில் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மறுநாள் மாட்டு வண்டி ஒன்று கிட்டங்கி வாசலில் வந்து நின்றது. மளிகைக்கடை அண்ணன் என் பார்களை எல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார். வண்டிக்காரர் ஒரே ஒரு சேதி சொன்னார்: "இனிமே நீங்களே வித்துக்குங்கன்னு சொல்லச் சொன்னாரு." அந்த வாரமே, என்னிடம் பார் வாங்கிவந்த செந்தூல் கடைக்காரர் ஒருவரும் வாங்குவதை நிறுத்தினார். கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாதது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது? கிட்டங்கிக்குள்ளேயே இருந்தேன். அடுப்பு மூட்டவில்லை. திரும்பி வந்த பார்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மத்தியானம் முழுக்க எதிர்வீட்டுச் சீனக் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இந்த ஊரில் இருந்ததே அந்த ஒரு வீடுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த வாரம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அண்ணன் கடையில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானே மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"அண்ணே, உங்களுக்குப் போட்டியா நான் வரல. பேர் தெரியட்டும்னுதான் செஞ்சேன்."

"பேர் தெரியட்டும் பாய். ஆனா நான் வாங்குற விலைக்கே ரோட்டுல விக்கிறீங்க. அன்னைக்கே ஒரு அம்மா வந்து, 'அங்க இவ்வளவு கம்மியா கெடைக்குது, நீ இத்தன நாளா எங்கள ஏமாத்துனியா'ன்னு கேக்குது. நான் கடை வாடகை கட்டுறேன். சரக்கு வாங்கி வைக்கிறேன். மாசக்கடைசியில குவார்ட்டர்ஸ் ஆளுங்களுக்குக் கடன் குடுக்குறேன். உங்க மேசை அதெல்லாம் செய்யுதா?"

கையோடு கொண்டுபோயிருந்த கிணறு கட்டி ஒன்றை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுல கத்தி வைக்க எடமே இல்லையே. உங்க பாரு ஈரப்பச்சையா வரும். நாலு நாள்ல காய்ஞ்சு எடை கொறையும். அந்த நட்டத்த, துண்ட கொஞ்சம் மெலிசா போட்டுத்தான் நான் சரிக்கட்டுறேன். ஒளிச்சுப் பேச என்ன இருக்கு? நீங்க அச்சுப் போட்டு அனுப்பினா, அந்த நட்டம் யாரு தலையில?"

அதை நான் யோசிக்கவே இல்லை. ஈரத்தோடு நிறுத்து விற்றது நான். காய்ந்து குறைந்ததைத் தாங்கியது அவர்கள். இத்தனை நாளும் அவர்கள் கத்தி என் குறையையும் சேர்த்துத்தான் மறைத்துக்கொண்டிருந்தது.

அன்று பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். கட்டிகளை என் கிட்டங்கியிலேயே அடுக்கி ஒரு மாதம் காயவைத்த பிறகுதான் அனுப்புவேன். எடையில் இல்லாமல் எண்ணிக்கையில் கொடுப்பேன். காய்ந்து குறைவது என் பாடு. எந்தக் கடையிலும் விற்பது ஒரே விலை, கடைக்காரருக்கு நிற்கும் லாபம் முன்பு பாரில் நின்றதற்குக் குறையக் கூடாது. துணி துவைக்க வெட்டி விற்க நினைப்பவர்களுக்குப் பார் தொடர்ந்து வரும். சந்தை மேசை இருக்கட்டும், ஆனால் அங்கே விற்பனை கிடையாது. ஒரு வாளித் தண்ணீரும் அழுக்குத் துணியும் வைத்துத் துவைத்துக் காட்டுவது, எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்வது, அவ்வளவுதான்.

"கிள்ளான்ல உங்க வாசலுக்கு வந்து கேட்டா?" என்றார் அண்ணன்.

"குடுக்க மாட்டேன். கிட்ட இருக்கிற கடையைக் காட்டுவேன்."

"பாப்போம் லா," என்றார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சரக்கை மட்டும் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்துத்தான் அந்தச் சோதனை வந்தது. எண்ணெய்ப் படகு வராமல் சரக்கு குறைந்திருந்த சமயம். யாழ்ப்பாணத்து அம்மா கிட்டங்கிக்கு வந்தார். "கடையில முடிஞ்சுதாம். நாலு கட்டி தாருங்கோ," என்றார்.

உள்ளே, காய்ந்து முடிந்த கட்டிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போக வேண்டியவை. அவருடைய கண்ணுக்கே தெரியும்படி இருந்தன.

"இங்க குடுக்கிறதில்லை அம்மா. கடைக்கு இன்றைக்கே அனுப்பி வைக்கிறேன். அங்க வாங்கிக்கொள்ளுங்கள்."

"எனக்குமோ?" என்று கேட்டார்.

சும்மா கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. கொடுத்தால் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சாகும். அந்தக் கடைகளுக்கு நான் கொடுத்த வார்த்தை அதோடு போகும். "உங்களுக்கும்தான்," என்றேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறிய ரயிலிலேயே நானும் ஏறினேன். எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வழி முழுக்க அவர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி நான் பின்னால் நடக்க, அவர் முன்னால் நடந்தார். கடையில் பெட்டியை இறக்கினேன். அண்ணன் அதைத் திறந்து நான்கு கட்டியை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் காசைக் கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

"உங்ககிட்ட வந்தாங்களா?" என்றார் அண்ணன்.

"வந்தாங்க."

அவர் பெட்டியில் மீதியிருந்த கட்டிகளை எண்ணி அடுக்கினார். பிறகு உள்பக்கம் திரும்பி, "பாய்க்கும் சேத்துக் கிழங்க போடு," என்று குரல் கொடுத்தார். செந்தூல் கடைக்காரர் அந்த மாதமே திரும்ப வந்தார். அண்ணன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அம்மா அதன் பிறகு கிள்ளானுக்கு வந்தாலும் என் பக்கம் வரவில்லை. யாருமே வரவில்லை. வாசலுக்கு வருகிறவர்களை எல்லாம் கடைக்கு அனுப்பி அனுப்பி, கடைசியில் வருவதே நின்றுபோனது. எத்தனையோ வீட்டுக் குளியலறைகளில் என் சவுக்காரம் இருந்தது. நான் காயும் கட்டிகளைத் திருப்பி அடுக்கிக்கொண்டு தனியாக இருந்தேன். அந்த வீடுகளில் இருந்தவர்களில் அநேகமாக ஒருவரையும் எனக்குத் தெரியாது. மகள்கள் இந்நேரம் எவ்வளவு உயரம் வளர்ந்திருப்பார்கள் என்று சுவரில் கையை வைத்துப் பார்ப்பேன். அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஜப்பான்காரன் அடித்துவிட்ட வாழைமர நோட்டு வெறும் காகிதமானது. பெட்டியில் வைத்திருந்த எல்லாம் போயிற்று. அந்தக் குழப்பத்தில் ஒருநாள் அண்ணன் முதல்தடவையாகக் கிள்ளானுக்கு என்னைத் தேடி வந்தார். கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தார். வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த கட்டிகளையும், மூலையில் சுருட்டிவைத்த என் பாயையும் பார்த்தார்.

"சீமைச் சவுக்காரம் வரப்போவுதாம். வாசனையோட, கலர் காகிதம் சுத்தி," என்றார். "நாம என்ன பண்ணப் போறோம்?"

நாம் என்று அவர் சொன்னதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணீருக்கு அடுப்பை மூட்டினேன்.