தென்றல் அழித்த பதிவு

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைக்குச் சரக்கு ஏற்றி ஏற்றியே நெஞ்சு கெட்டுப்போனவர் கோவிந்தசாமி. அவருக்கு மகனாய்ப் பிறந்து மகளாய் நிமிர்ந்தவள் தென்றல். தெருக்காரர்கள்கூட அதை மென்று விழுங்கி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்பாவுக்குத்தான் தொண்டையிலேயே நின்றது. பழைய பேரைச் சொல்லியே கூப்பிடுவார். அவள் திரும்பமாட்டாள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

பீங்கான் சாமான் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுவது அவள் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்துதான். கம்பெனி ஆப்பில் அவரவர் பக்கத்தை அவரவரே திருத்தலாம் என்று அறிவிப்பு வந்த அன்றே உட்கார்ந்துவிட்டாள். பேருக்கு இங்கிலீஷ் எழுத்துகளைத் தானே தேர்ந்தெடுத்தாள். தன்னை 'ஷீ' என்று குறிக்கச் சொல்லி, எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். கடைசியாக, பேரை எப்படிச் சொல்வது என்று தன் குரலில் பதிய வேண்டும். பத்து நொடிக்குள், மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி.

ஒரு தடவை மோட்டார் சைக்கிள் குறுக்கே போனது. ஒரு தடவை குக்கர் விசிலடித்தது. அடுத்த தடவை "தென்றல்" என்று அழகாய் வந்தது. பொத்தானை விடுவதற்குள் உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல், இருமலோடு. காதில் இயர்போன், வார்த்தை பிடிபடவில்லை. பழைய பேர்தான், வேறென்ன சொல்லப் போகிறார்? தன் புதுப் பேருக்குப் பின்னால் அது ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் கேட்பதா? எரிச்சலில் போட்டுக்கூடப் பார்க்காமல் அழித்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பதிந்து, கேட்டுப் பார்த்து, சேமித்தாள்.

அன்று ராத்திரியே அவர் மூச்சு அடங்கியது.

காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா கமலம் சொன்னாள். "அன்னிக்கி நீ போன்ல பேர சொல்லிக்கிட்டே இருந்தியே, படுத்தபடியே கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்பறம், 'தென்றலு, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாம்மா'ன்னாரு. நீ கதவ சாத்திட்ட. நாந்தான் போயி குடுத்தேன்."

"பேர சொன்னாராம்மா?"

"பின்ன? அந்த ஒரு தடவதான். கேக்கலியேன்னு சிரிச்சாரு. கோவத்துல இருக்குது புள்ள, நாளைக்கி கூப்புடுறேன்னாரு."

தென்றல் போனை எடுத்தாள். அழித்த பதிவைத் திரும்ப எடுக்க ஆப்பில் வழியே இல்லை. எல்லா இடத்திலும் தேடினாள். தன் பேருக்குப் பக்கத்தில் இருந்த ஒலிக்குறியைத் தொட்டாள்.

"தென்றல்" என்றது அவள் குரல். போனைக் காதோடு அழுத்தி மறுபடி கேட்டாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.