மஞ்சள் கை பட்ட பச்சைத் துணி

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாகச் சேர்ந்த சில மாதங்களில், இடுப்பைச் சுற்றி நாடா கட்டும் இடத்தில் சிவந்த தடிப்போடு என் மகள் வீட்டுக்கு வந்தாள். வேர்க்குரு என்றாள் என் மனைவி. என்னால் அப்படி விட முடியவில்லை. பிள்ளை ஒரு தும்மல் தும்மினாலே ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்பும் மனம் என்னுடையது.

"தோலு புண்ணாயிருச்சுன்னா தியேட்டருக்குள்ள உட மாட்டாங்ப்பா," என்றாள் அவள். "வேற எங்கியாச்சும் போட்டுருவாங்க."

படிக்கும்போதிருந்தே அவளுக்குத் தியேட்டர்தான் வேண்டும். டாக்டர் கை நீட்டும் முன்பே எந்தக் கத்தரி என்று தெரிந்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த வேலை இந்தத் தடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிணத்துக்கடவில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தையல் மிஷின்கள் போட்டு, பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் மில்லில் துணிக் கிடங்கைப் பார்த்தவன். துணியால் வந்த தொந்தரவைத் துணியாலேயே தீர்க்கலாம் என்று நம்பினேன்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர்கள் எல்லாரும் சொந்த உடையைக் கழற்றிவிட்டு, பச்சை நிறச் சட்டையும் நாடா வைத்த பேண்ட்டும் போட்டுக்கொள்வார்கள். ஓ.டி. டிரஸ் என்பார்கள். அப்போது இருந்தது பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன். காற்றுப் புகாது. அதன்மேல் பிளாஸ்டிக் ஏப்ரன், அதற்கும் மேல் கவுன். மணிக்கணக்காக அசையாமல் நிற்கிறவளுக்கு வேர்வை இடுப்பில்தான் போய்த் தேங்கும்.

அவளுக்கென்று இரண்டு ஜோடி பருத்தியில் தைத்துக் கொடுக்கிறேன் என்றேன்.

"எனக்குன்னு ஒண்ணு கிடையாதுங்ப்பா. எல்லாம் ஒண்ணாத்தான் சலவைக்குப் போகும். அலமாரில எது மேல இருக்குதோ அதை எடுத்துப் போட்டுக்குவோம். நீங்க தெச்சதை எந்த டாக்டர் போட்டுட்டு நிப்பாரோ."

ஆகவே ஒரே வழிதான் இருந்தது. மொத்தத் தியேட்டருக்கும் நானே தைக்க வேண்டும். தியேட்டர் பொறுப்பில் இருந்த மூத்த சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் நாடா அறுந்த ஒரு பேண்ட்டைத் தூக்கி மேசைமேல் போட்டார். "குனிஞ்சா கிழியுது, துவைச்சா சுருங்குது, ஒரு ஷிப்ட் போட்டா ஒட்டிக்குது. இந்த மூணும் இல்லாம தெச்சுக் கொடுங்க, வாங்கிக்கிறேன்."

முழுப் பருத்தியில் நல்ல கனமான கேஸ்மென்ட் துணி எடுத்தேன். மெல்லிய துணி அடிக்கடி துவைத்தால் நைந்துபோகும். குளோரினுக்கும் கொதிநீருக்கும் நிற்கிற சாயமாகக் கேட்டு வாங்கினேன். வெட்டும் முன்பே வெந்நீரில் ஊறவைத்து, காயவைத்து, சுருங்க வேண்டியதையெல்லாம் சுருங்க விட்டோம். பருத்தி நூல் சலவையில் இற்றுவிடும் என்பதால் பாலியஸ்டர் நூல். ஓரங்களை மடித்து மூடி இரட்டைத் தையல், தோலில் பிசிறு உரசாமல். உட்கார்ந்து எழுந்தால் கிழியாதிருக்க, கால் பிரியும் இடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு. நாடா உள்ளே போய் ஒளிந்துகொள்ளாமல் பின்னால் நடுவில் ஒரு தையல். பிறகு இரண்டு ஜோடியைக் கொட்டகையிலேயே திரும்பத் திரும்ப வெந்நீரில் போட்டு அலசினோம். துவைக்கத் துவைக்கப் பழைய வேட்டி போல மென்மையாயிற்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்போது வற்றியிருக்கவில்லை.

டிரஸ் போய்ச் சேர்ந்ததும் சிஸ்டரே போன் செய்து நன்றாக இருக்கிறது என்றார். டாக்டர்களும் பாராட்டினார்களாம்.  அடுத்த விடுமுறைக்கு என் மகள் வந்தபோது, பொள்ளாச்சி பஸ்ஸில் இருந்து இறங்கியவள் கையை வீசாமல், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே நடந்து வந்தாள். அக்குளிலும் தடிப்பு. இடுப்பில் தோல் உரிந்து நீர் கசிந்தது.

"புதுத்துணி, அப்பிடித்தானுங்ப்பா இருக்கும். போகப் போகச் சரியாயிரும்," என்றாள். எனக்குச் சமாதானம் சொல்கிறாள் என்று தெரிந்தது. அன்று முழுக்க அந்தத் துணியில் என்ன பிழை என்று யோசித்தபடியே இருந்தேன். சாயமா, நூலா, கஞ்சியா. ஒன்றும் அகப்படவில்லை.

நாடா மாற்றுவதற்காகச் சில பேண்ட்டுகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தன. துவைத்துத் தேய்த்த மூட்டை. சமையல் நடுவே எழுந்து வந்த என் மனைவி, மஞ்சள் அரைத்த ஈரக் கையோடு மேலிருந்த ஒன்றைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். நாடாவுக்கு விட்ட வெள்ளைப் பட்டியில் அவள் விரல்கள் மஞ்சளாகப் பதியவில்லை. குங்குமமாகப் பதிந்தன.

"ஏனுங்க, உங்க துணிக்குக் கல்யாணம் ஆயிருச்சாட்ட இருக்குது," என்றாள்.

நான் சிரிக்கவில்லை. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு பட்டாலும் சிவக்கும். அது எந்த வீட்டுக்கும் தெரியும். துவைத்து வந்த துணியில் சலவைச் சோடாவின் காரம் அப்படியே இருந்தது. காய்ந்திருக்கும்வரை தெரியாது. வேர்வையில் நனைந்ததும் இறங்கித் தோலைத் தின்னும். டெரிகாட்டன் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, அதனால் அதில் தங்கிய சோடாவும் குறைவு. நான் தேடி எடுத்த கனமான பருத்தி நிறையக் குடித்து, நிறையப் பிடித்து வைத்துக்கொண்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனேன். வாஷிங் சோடா போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, பிறகு ஒரே ஒரு அலசு. அங்கிருந்த மேஸ்திரியிடம், மூன்று தடவையாவது அலச வேண்டும், கடைசித் தண்ணீரில் கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் விட வேண்டும், சாயப்பட்டறையில் அப்படித்தான் காரத்தை முறிப்பார்கள் என்று சொன்னேன்.

"ஏனுங்க, எனக்குந்தான் தெரியுமுங்க. தண்ணிக்கு எங்கீங்க போறது? பைப்புல தண்ணி பாத்து எத்தனை நாளாச்சு. லாரி வந்தா நோயாளிக்குத்தான் மொதல்ல. சோடாவைக் குறைச்சா கறை போகாது, அதுக்கும் என்னையத்தான் திட்டுவாங்க." எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "கிணத்துக்கடவுங்களா நீங்க? அடுத்த தடவை வரப்ப அந்தக் கிணத்தையும் தூக்கிட்டு வந்துருங்க," என்றார். அவர் கைகளும் முழங்கை வரைக்கும் வெடித்திருந்தன.

ஆசிட் கேன் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிட் கலக்கவும் ஒரு தொட்டித் தண்ணீர் வேண்டுமே. அடுத்து வந்த மூட்டையிலும் ஈர மஞ்சளைத் தொட்டு வைத்தேன். சிவந்தது.

மெல்லிய துணியில் மறுபடி தைத்துத் தருகிறேன் என்று சிஸ்டரிடம் கேட்டேன். "இது நல்லாத்தானே உழைக்குது. நிர்வாகத்துக்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புண்ணோட அவளை ஆபரேஷனுக்குக் கை கழுவ வெச்சு உள்ளே நிறுத்த முடியாதுங்க. நோயாளிக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து," என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. 

அந்த வாரமே அவளை வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார்கள். காய்ச்சல் பார்த்து, எடை பார்த்து, வரிசையில் உட்காரவைக்கும் வேலை. வெள்ளை யூனிபார்மை அவளே ஹாஸ்டலில் துவைத்துக்கொள்கிறாள். புண் ஆறிவிட்டது. நிறம் மாறிய ஒரு பட்டை மட்டும் இடுப்பைச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடி தியேட்டரில் போடும்படி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

ஓ.டி. டிரஸ் தைப்பதை நான் நிறுத்தவில்லை. நான் நிறுத்தினால் வேறு ஒருவர் தைப்பார். அதே தண்ணீரில்தான் அதுவும் துவையும்.

போன தடவை வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, சட்டைப் பாக்கெட்டை இன்னும் கொஞ்சம் மேல வெக்கச் சொன்னாங்க. குனிஞ்சா பேனா விழுகுதாமா."

"யாரு கண்ணு சொன்னது?"

"எனக்குப் பதிலா உள்ள போட்டிருக்கிற பொண்ணு." மோரை ஊற்றிக்கொண்டாள். "அவளும் இடுப்பைச் சொறிய ஆரம்பிச்சுட்டாங்ப்பா. வேர்க்குருன்னு நெனச்சுட்டு இருக்கறா."