பெரியவள் போட்ட கையெழுத்து

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் மிச்சமிருந்தது. பெரியவள் பதினெட்டு வருடமாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். உயில், வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். அவள் கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில்தான் பட்டம் வாங்கினாள். சின்னவள் பட்டதாரியாகவே வந்து இறங்கியவள்.

மாலைச் சட்டக் கல்லூரியில் சேர வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது பெரியவள்தான். விண்ணப்பம் வாங்கி வந்து வைத்திருந்தாள். அதைப் பார்த்த சின்னவள், "அக்கா, நானும் சேரவா?" என்றாள். அன்றைக்குப் பற்றிய நெருப்பு பெரியவள் வயிற்றில் அணையவே இல்லை. அவள் இஸ்திரிப் பலகையில் புத்தகத்தை விரித்துவைத்து, சட்டைக் காலருக்கும் கைக்கும் நடுவே நாலு வரி படிப்பாள். சின்னவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். "சத்தம் போடாதீங்க, பிள்ளை படிக்குது" என்று மாமியார் வீட்டையே அதட்டுவார். பெரியவள் படிப்பது யார் கண்ணுக்கும் படிப்பாகவே தெரியவில்லை.

மற்ற தாள்களை எப்படியோ கரையேற்றிவிட்டாள். வாரிசுரிமைத் தாள் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. உயில் டைப் அடித்தே பிழைப்பு நடத்துகிறவள் உயில் தாளில் ஃபெயில். கேட்டவர்கள் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள். ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்புதான். இந்தத் தடவையும் போனால் சட்டப் பட்டம் இல்லை. ஒரு வருடம் கழித்துச் சேர்ந்த சின்னவளுக்கோ இதுதான் முதல் தடவை.

தேர்வு மண்டபத்தில் சின்னவள் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டாயக் கேள்வி இது: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நோயில் தன்னைக் கவனித்துக்கொண்ட மகளுக்கு வீட்டை எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஒரு நண்பரிடம் கொடுத்திருந்தார். நண்பர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் மெய்தான் என்ற சான்று, கேட்கிறார். மகன், "கையெழுத்து நடுங்குகிறது, இது அப்பா போட்டதே இல்லை" என்று ஆட்சேபிக்கிறார். இரண்டு சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர், "அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லை. எங்கள் இருவரிடமும் காட்டி, இது என் கையெழுத்துதான் என்றார். பிறகு அவர் முன்னாலேயே நாங்கள் இருவரும் போட்டோம்" என்கிறார். புரோபேட் கிடைக்குமா?

படித்ததும் பெரியவளுக்கு மனம் குளிர்ந்தது. அலுவலகத்தில் இந்த மாதிரி ஆட்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவள் அல்லவா அவள்.

எழுதினாள். நிறைவேற்றுபவராக உயிலே நியமித்திருப்பதால் நண்பர் புரோபேட் கேட்கலாம். உயில் உண்மையானது என்று நிரூபிக்கும் பாரமும் அவருடையதே. உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சி கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எழுதியவர் இது தன்னுடையது என்று சாட்சிகளிடம் ஒப்புக்கொண்டாலே போதும். உயிரோடிருக்கும் சாட்சி இருவரின் சான்றொப்பத்தையும் சொல்லிவிட்டதால் இறந்தவர் வராதது குறையில்லை. கையெழுத்து நிபுணரைக் கூப்பிட்டாலும் அவர் சொல்வது அபிப்பிராயம் மட்டுமே. இருபது வருடத்துக்கு முந்தைய கையெழுத்தோடு ஒப்பிடக் கூடாது, நோய் வந்த பிறகு பென்ஷன் தாளில் போட்டதோடு ஒப்பிட வேண்டும். உயில் எழுத வக்கீலை ஏற்பாடு செய்தது மகள்தான் என்றால் அது சந்தேகத்துக்கு இடம்; அந்தச் சந்தேகத்தை நண்பர்தான் நீக்க வேண்டும். மிரட்டி வாங்கினார்கள் என்றால் அதை மகன்தான் நிரூபிக்க வேண்டும். வீடு யாருடையது என்பதைப் புரோபேட் நீதிமன்றம் தீர்மானிக்காது. உயில் மெய்யா என்று மட்டும் பார்க்கும். இவ்வளவும் தேறினால் புரோபேட் வழங்கலாம்.

அப்போது முன்வரிசையில் கை உயர்ந்தது. சின்னவள் கூடுதல் தாள் கேட்டாள். மூன்றாவது தடவை.

அப்படி என்னத்தைத்தான் எழுதுகிறாள்! பெரியவளின் பார்வை அந்த முதுகிலேயே ஒட்டிக்கொண்டது. கை மட்டும் கேள்வியின் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தது: சாட்சிகள் கையெழுத்திடும் வாசகத்தின் மாதிரி. பதினெட்டு வருடம் அடித்த வாசகம். அதற்குப் புத்தி தேவையில்லை, விரலே போதும்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் சின்னவள் கேட்டாள்: "அக்கா, உயில் செல்லாதுன்னுதானே எழுதினீங்க? சாட்சி பார்க்கவே இல்லையே."

பெரியவள் மனசுக்குள் ஒரு கல்யாணமே நடந்தது. சரியான விடையைச் சொல்லவில்லை. "ஏதோ எழுதினேன்" என்றாள்.

"சாட்சிக் கையெழுத்து வாசகத்தை எங்க முடிச்சீங்க?"

"சாட்சி ஒன்னு, சாட்சி ரெண்டு, அதுக்குக் கீழ தட்டச்சு செய்தவர்னு..." பெரியவளின் வாய் அப்படியே நின்றது. தட்டச்சு செய்தவர் என்று எழுதி, தன் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள். விடைத்தாளில் பெயர் தெரிந்தாலே முறைகேடு. தாளே ரத்து.

செருப்பு தெறிக்கத் திரும்பி ஓடினாள். விடைத்தாள்களைக் கட்டி அரக்கு வைத்துக்கொண்டிருந்த தேர்வு அதிகாரி, "குடுத்த தாளைத் தொடக் கூடாதும்மா. நோட்டீஸ் வரும், அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

வந்தது. விசாரணை அறையில் மூன்று பேர். "இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா சார். பழக்க தோஷம்."

"யாருக்கோ அடையாளம் காட்டப் போட்டதில்லைன்னு எப்படி நம்பறது? நீங்களே சொன்னா ஆச்சா? வேற சாட்சி உண்டா?"

பெரியவளுக்குச் சாட்சி சொல்லக்கூடியவர் அவள் அலுவலக வக்கீல்தான். அவர் வெளியூரில். அப்போதுதான் வெளியிலிருந்து உதவியாளர் எட்டிப்பார்த்து, ஒரு பெண் ஏதோ பத்திரத்தோடு வந்திருப்பதாகச் சொன்னார்.

சின்னவள். யாரும் கூப்பிடவில்லை. கையில் வீட்டு வாடகை ஒப்பந்தங்கள், ஏழு வருடத்தவை. "எல்லாம் அக்கா அடிச்சது சார். ஒவ்வொன்னுலயும் கீழ பாருங்க. தட்டச்சு செய்தவர், பேரு, கையெழுத்து. இல்லாம அவங்க ஒன்னைக்கூட முடிச்சதில்ல. கூடவே இருந்து பார்த்திருக்கேன்." மூவரும் ஏழையும் விடைத்தாளோடு வைத்துப் பார்த்தார்கள். உள்நோக்கம் இல்லை என்று எழுதி, அந்தப் பகுதியை மறைத்துத் தாளைத் திருத்தச் சொன்னார்கள்.

வாசலில் பெரியவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. இவள் எதற்கு வந்தாள், இவளை யார் வரச் சொன்னது என்றுதான் உள்ளே கொதித்தது. காப்பாற்றியது வேறு யாராவதாக இருந்தால் காலில் விழுந்திருப்பாள்.

முடிவு வந்தது. பெரியவள் அறுபத்தொன்று. சின்னவள் முப்பத்தெட்டு, ஃபெயில்.

இத்தனை வருடம் காத்திருந்த நாள். பெரியவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமியார் தொலைபேசியில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரியவ பாஸாயிட்டா. எல்லாம் சின்னவ புண்ணியம். பெரியவளுக்காக அலைஞ்சு சின்னவ பாவம் கோட்டை விட்டுட்டா."

"பரீட்சை முடிஞ்சப்புறம்தானே அத்தை, அவ அலைஞ்சா!" என்று பெரியவள் கத்தியே விட்டாள்.

"ஆமா அத்தை" என்றாள் சின்னவள், காய் நறுக்கியபடி. "நான் தப்பா எழுதினேன். அக்காதான் சரியா எழுதினாங்க. அவங்க சொந்தமா எழுதி வாங்கின மார்க்கு அது."

மாமியார் நெகிழ்ந்துபோய் ரிசீவரிடம் சொன்னார்: "கேட்டியா? எப்பேர்ப்பட்ட மனசு பாரு."

பெரியவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஜெயித்திருக்கிறாள். அதைக்கூடச் சின்னவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.