திரைச்சீலைக்குப் பின்னால் கேட்ட பொய்

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் கணவரும் மருதமுனையில் என் வீட்டில்தான் இருந்தார். நான் கல்முனைப் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் இவர் வேலை பார்த்த கந்தோர் இவரைத் தூரத்திலிருந்த கோமாரிக்கு மாற்றியது.

நானும் மாற்றம் கேட்டேன். என் இடத்துக்கு வேறொரு கணக்கு ஆசிரியர் வந்தால்தான் விடுவிப்போம் என்றார்கள். யாரும் வரவில்லை.

"சோறாக்க ஆளில்லாம நான் என்னெண்டு இருக்கிற?" என்றார் இவர்.

சம்பளமில்லாத லீவில் இவரோடு போனேன். லீவு முடிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

ஒருநாள் கோமாரிப் பள்ளிக்கூட அதிபர் வீடு தேடி வந்தார். பிற ஆண்கள் வந்தால் நான் திரைச்சீலைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

"கணக்குக்கு ஆளில்ல. மிஸ்ஸிட்டக் கேட்டுப் பாருங்களேன்."

"அவக்கு வேலையில விருப்பமில்ல சேர். அவவாத்தான் விட்டவ" என்றார் இவர்.

திரைச்சீலையை விலக்கினேன். தேத்தண்ணியை நானே முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"நான் விரும்பி விடல்ல சேர். இவருக்குச் சோறாக்கத்தான் விட்ட. படிப்பிக்க வாறன்."

அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். "ராஜினாமா குடுத்தா பழைய சேவை சேராது. தொண்டர் ஆசிரியராத்தான் எடுக்கலாம். சம்பளமில்ல."

"ஓம், வாறன்."

இவர் தேத்தண்ணியைச் சத்தம் போட்டு உறிஞ்சி, அடியில் கிடந்த சீனியை விரலால் வழித்து நக்கினார்.

பிறகு இவர் மாற்றம் வாங்க, இருவரும் மருதமுனைக்கே திரும்பி வந்தோம். இன்றும் என் முன்னறையில் இருந்து அப்படித்தான் உறிஞ்சுகிறார். சத்தம் கேட்டதும் நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவேன். வீடு என்னுடையது, வெளியே போகிறவளும் நான்தான்.