மேருவிலிருந்து வந்த கேள்வி

என் தங்கை மலேசியாவின் கிள்ளான் நகரில் தைத்த ரவிக்கைகள் விற்கும் கடை வைத்திருந்தாள். தீபாவளி வரை பார்ப்பது, வியாபாரம் எழாவிட்டால் கடையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள். நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் அவளுடைய இன்ஸ்டாகிராம் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தேன்.

பின்தொடர்பவர்கள் ஏராளம். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கணக்கின் புள்ளிவிவரத்தில் பார்த்தேன். பெரும்பாலும் நாங்கள் கேள்விப்படாத வெளிநாட்டு நகரங்கள். கிள்ளான் எங்கோ கீழே இருந்தது.

“இவங்கள காசு குடுத்து வாங்குனியா?”

“கடை பெருசா தெரியணும்லாக்கா. எல்லாரும்தான் வாங்குறாங்க.”

வாங்கிய அந்தப் போலிக் கணக்குகள் எதையும் பார்ப்பதில்லை. பதிவு முதலில் போய்ச் சேரும் சிலரில் யாரும் நிற்காவிட்டால், அதை மற்றவர்களுக்குக் காட்ட இன்ஸ்டாகிராமுக்குக் காரணம் இல்லை. அந்தக் குறையை மறைக்கத்தான் அவள் ஒரு வாட்சப் குழுவில் சேர்ந்திருந்தாள். எல்லாருமே துணிக்கடைக்காரப் பெண்கள். ஒருத்தி படம் போட்டதும் மற்றவர்கள் உடனே ‘சூப்பர் சிஸ்’ என்று எழுத வேண்டும். தாமதித்தால் குழுவில் வசவு.

“ஒருத்தியாவது உங்கிட்ட ரவிக்கை வாங்கியிருக்காளா?”

“அவங்களே ரவிக்கை விக்கிறாங்கக்கா!” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவளுடைய படங்கள் அவர்களுக்குத்தான் பிடிக்கும் என்று இன்ஸ்டாகிராமும் கற்றுக்கொண்டிருந்தது.

பழைய பதிவு ஒன்றில் இதயக் குறிகளுக்கு நடுவே ஒரு வரி கிடந்தது: ‘அக்கா, நான் மேருவுலேருந்து எழுதுறேன். கல்யாணத்துக்கு, பெரிய சைஸ் கிடைக்குமா? பொண்ணோட அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் வேணும்.’ கிள்ளானை அடுத்த மேருவிலிருந்து வந்த அந்தக் கேள்வியை என் தங்கை அப்போது பார்க்கவே இல்லை. அன்று அவள் குழுவிலுள்ள மற்றவர்களின் படங்களுக்குக் கருத்து எழுதிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் கழித்து எப்படி எழுதுவது என்று கூசி, நான் காட்டிய பிறகும் பதில் எழுதவில்லை.

குழுவிலிருந்து விலகினாள். போலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினோம். கடைக்கு வந்தவர்களிடம் கேட்டு, அவர்கள் உடுத்திப் பார்த்த படங்களைப் போட்டாள். விலை, அளவு, கடை எந்தத் தெருவில் என்பதையும் எழுதினாள். கேள்விக்கு அன்றே பதில் சொன்னாள். லைக் சொற்பம்தான், ஆனால் ‘நாளைக்கு வரேன்க்கா’ என்று எழுதியவர்கள் வந்தார்கள். கிள்ளானுக்கு வெளியே, சுபாங் ஜெயா நகரிலிருந்துகூட ஒருவர் வந்தார்.

அது போதவில்லை. தீபாவளி முடிந்ததும் கடையைக் காலி செய்தோம். தினமும் இதயம் அனுப்பிய பெண்களில் ஒருத்தியும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

பொருட்களை லோரியில் ஏற்றிய பிறகு அவள் வெறும் தரையில் உட்கார்ந்து, மேருப் பெண்ணுக்குப் பதில் எழுதினாள். ‘மன்னிச்சுக்கம்மா, லேட்டாதான் பார்த்தேன். கிடைக்கும்.’

பதில் சீக்கிரமே வந்தது. ‘பரவால்லக்கா. கல்யாணம் முடிஞ்சிருச்சு. வேற எடத்துல எடுத்துட்டோம்.’

அவள் அதற்கும் ஓர் இதயம் அனுப்பினாள்.