கறையோடு விட மனமில்லை

செசிலிக்குக் கறை என்றாலே ஆகாது. அடுப்படிச் சட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் சேலைவரை ஒரு பொட்டு இருந்துவிட்டால் போதும், அன்றைக்கு லயத்து வரிசை வீடு முழுக்க அதைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும். பூனாகலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள், அட்டைக்கடியும் வேண்டாம், விடியக்காலம் ஆளெடுக்கும் பெரட்டில் நின்று ஏச்சு வாங்குவதும் வேண்டாம் என்று பேரை வெட்டிக்கொண்டு, பெரகலச் சந்திக்குக் கீழே ஸரூக் முதலாளியின் மைக்காக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். சும்மா வந்தாளா? "இனி இந்தக் கூடையத் தொட்டா என் பேரு செசிலி இல்ல" என்று கணக்கப்பிள்ளையிடம் சவால் வேறு விட்டுவிட்டு வந்தாள்.

கொட்டகைக்குக் கல் வரும் மலைப் பாறை மிகப் பழசு. பூமிக்கடியில் வெந்து நசுங்கி உருமாறிய சுண்ணாம்புக்கல். அதற்குள் தேன் நிற மைக்கா கட்டி கட்டியாகக் கிடக்கும், தடித்த புத்தகம் போல, தாள் மேல் தாளாக. அதே கல்லில் பென்சில்கரியும் பொடியாகத் தூவிக் கிடக்கும். தனியாகத் தோண்டி விற்க அது காணாது. மைக்காவுக்கு இடையில் புகுந்து கறுப்புப் பொட்டு வைத்துத் தொலைக்க மட்டும் தாராளமாகக் காணும். கட்டியைக் கத்தியால் பிளந்து, வெடித்த ஓரத்தை அரிந்துவிட்டு, மிஞ்சியதில் எவ்வளவு பெரிய நீள்சதுரம் வெட்டலாம் என்று சட்டத்தில் வைத்துப் பார்த்து, அளவுக்கேற்ற தட்டில் போடுவது செசிலியின் வேலை.

முன்பு வாங்கியவர்கள் மோட்டார் செய்கிறவர்கள். பென்சில்கரி மின்சாரத்தைக் கடத்தும். அதனால் பொட்டு வைத்த சரக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கு செசிலி வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமா? அதற்குப் பிறகு பொட்டைக் கண்டால் அந்தத் தாளை உரித்தெறியாமல் அவள் கை ஓயாது.

அந்த ஆட்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். புதிதாக வந்தது சூளை கட்டுகிறவர்களின் ஓடர். சூடு தாங்கும் தகட்டுக்குத்தான் அவர்களுக்கு மைக்கா வேண்டும், மின்சாரத்துக்கு இல்லை.

"அக்கா, இவங்களுக்குப் பொட்டு இருந்தா பரவாயில்ல. தடிப்புத்தான் முக்கியம். இந்த முதல் சரக்கு சரிவந்தாத்தான் கொட்டகை. இல்லாட்டி பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்று ஸரூக் தெளிவாகத்தான் சொன்னார்.

செசிலி தலையையும் ஆட்டினாள். ஆனால் கட்டியைப் பிளந்ததும் உள்ளே கறுப்பு கண்ணைக் குத்தியது. இப்படி அழுக்கோடு அனுப்பினால் நாளைக்கு யார் பேச்சு வாங்குவது? ஒரு தாள் உரித்தாள். அதற்குக் கீழே இன்னொரு பொட்டு. அதையும் உரித்தாள்.

கொழும்பிலிருந்து சரக்குப் பார்க்க வந்த றிச்சர்ட், தடிப்பு அளக்கும் கருவியில் ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தார். செசிலி நிரப்பி வைத்த மூன்று தட்டிலும் ஒன்றுகூடத் தேறவில்லை.

"எல்லாமே மெல்லிசு. கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா எங்களுக்கு ஆகாது."

"என்னக்கா இது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" ஸரூக் ஒரு தட்டை அவள் முன்னால் தள்ளினார்.

செசிலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உரித்த தாளைத் திரும்ப ஒட்டவா முடியும்?

மூலையில் இன்னும் பிளக்காத கட்டி ஒரு சாக்கு பாக்கி இருந்தது. மொனராகலைக்குப் போய் மறுநாள் திரும்பும்போது பார்ப்பதாக றிச்சர்ட் சொன்னார்.

அந்தச் சாக்கில் இருந்ததெல்லாம் பொட்டும் பொடியும். பக்கத்தில் இருந்து ஓரம் அரிந்த கருப்பம்மா சும்மா இருக்கவில்லை.

"ஏண்டி, கத்தி அங்க எங்க போகுது? கொட்டகையப் பூட்ட வச்சிட்டுத் திரும்பக் கொழுந்துக் கூடை தூக்கப் போறியா?"

"வாயை மூடுறியா? பாக்கப் பாக்க வயிறு எரியுது எனக்கு."

கை போகும். இழுத்துக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டோடு, பொட்டோடு என்று போட்டு முடித்தாள். இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யவா தோட்டத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் றிச்சர்ட் அளந்தார். வெடிப்பு ஓடிய சிலவற்றை ஒதுக்கினார். மற்றதெல்லாம் தேறியது.

"ரொம்ப நல்லாப் பிரிச்சிருக்கீங்க. இப்படியே குடுங்க, நாங்க எடுக்கிறோம்."

கொட்டகை தப்பியது. கருப்பம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். செசிலிக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாளில் அவள் செய்த மிக அசிங்கமான வேலைக்கு முதன்முதலாகப் பாராட்டு!

அந்த மூன்று தட்டையும் என்ன செய்வது என்று கேட்டாள். மெல்லிய தாளை ஒட்டிப் பலகை செய்கிறவர்கள் யாரும் இப்போது வாங்குவதில்லை என்றார் ஸரூக்.

"அரைக்கிற மில்லுக்குத்தான் அக்கா. பெயின்டுல கலப்பாங்க."

அவளே சாக்கைப் பிடித்து அவளே கொட்டினாள். கடைசித் தாளை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதன் வழியே பெரகல ரோட்டில் ஏறும் பஸ் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பொட்டு இல்லை. அதையும் உள்ளே போட்டுச் சாக்கைக் கட்டினாள்.

பிறகு வந்து உட்கார்ந்து புதுக் கட்டி ஒன்றைப் பிளந்தாள். நட்ட நடுவில் கறுப்பு. கத்தி தானாக அங்கே போனது.

"சும்மா இரு சனியனே" என்று தன் கையைத் திட்டிவிட்டு, அதை அப்படியே தட்டில் போட்டாள்.