சுத்தக்காரியின் சைன் அலை

பட்டறையில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பேர். வீட்டைப் பெருக்கித் துடைப்பதில் கெட்டிக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த விஷயத்தில் அவள் சுமார்தான். காது சோதிக்கும் கருவி செய்கிற பட்டறை அது. ஒவ்வொரு கருவியிலிருந்தும் வரும் ஒலி பிசிறில்லாத சைன் அலையாக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, திருப்தியானால்தான் மூடி போட விடுவாள். முதலாளி தலைகீழாக நின்றாலும் அவள் திருப்திப்படாத கருவி வெளியே போகாது. பெருமைக்குரிய பேர்தான். அந்தப் பெருமை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

கருவியின் உயிர், உள்ளே இருந்து ஒலி அலையைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர். ஆப்-ஆம்ப் என்ற சில்லு ஒன்று. அதன் வெளியீட்டை ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த ஒரு பாலம் வழியாக அதன் உள்ளீட்டுக்கே திருப்பி விடுகிறார்கள். ஒரே ஒரு அதிர்வெண்ணில்தான் அந்தப் பாலம் அலையை முன்னேயோ பின்னேயோ தள்ளாமல், மூன்றில் ஒரு பங்காக்கிக் கொடுக்கும். சில்லு அதை மூன்று மடங்காகப் பெருக்கினால் கணக்கு நேராகி அலை தன் பாட்டுக்கு ஓடும். மூன்றுக்கு மயிரிழை குறைந்தால் அலை செத்துப்போகும். மயிரிழை கூடினால் வளர்ந்துகொண்டே போய், கூரையில் தலை இடித்தவன் மாதிரி உச்சி தட்டையாகிவிடும். இந்த மயிரிழையை யார் பிடித்து வைப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் ஓயாத கழுத்தறுப்பு.

முன்பெல்லாம் அதற்கு ஒரு குட்டி பல்பு இருந்தது. பல்பு என்றால் எரியாது. லேசாகச் சுடும், அவ்வளவுதான். அலை பெரிதானால் பல்பின் இழை சூடாகும், அதன் தடை ஏறும், பெருக்கம் தானே குறையும். அலை சிறுத்தால் இழை ஆறும், பெருக்கம் ஏறும். இழை ஆறி இருக்கும்போது பெருக்கம் மூன்றுக்கு மேலேயே இருப்பதால் எந்தக் குளிரிலும் அலை பிறந்துவிடும். பாலத்தில் ஒரு கெபாசிட்டர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பல்பு அனுசரித்துப் போகும். வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத, ஆனால் எல்லார் கோபத்தையும் தணிக்கிற மனுஷியைப் போல. என்ன, மேசையைத் தட்டினால் இழை நடுங்கி அலையும் நடுங்கும். அதனால் அவள் சோதிக்கும்போது பட்டறையில் ஒருவரும் சுத்தியலைத் தொடக் கூடாது.

அந்தப் பல்பு கடைகளில் கிடைக்காமல் போயிற்று. முதலாளி டயோடுக்கு மாறச் சொன்னார்.

"ரெண்டு டயோடை எதிரும் புதிருமா போட்டா வேலை முடிஞ்சுது. அலை பெருசானா டயோடு திறந்துக்கும், பெருக்கம் கொறையும். இதுல என்னம்மா கஷ்டம்?"

"டயோடு அலையோட தலையை அமுக்கும் சார். திரிபு ஏறும்."

"ஏறட்டும். வரம்புக்குள்ள இருந்தா போதும்ல?"

போதும்தான். ஆனால் சுத்தக்காரிக்குப் போதுமா? பெருக்கத்தைச் சரிசெய்ய ப்ரீசெட் என்கிற குட்டித் திருகு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் அலை கட்டாயம் பிறக்கும், ஆனால் திரிபு ஏறும். இறுக்கி மூன்றின் விளிம்புக்குக் கொண்டுபோனால் டயோடு ஏதோ பேருக்குத் தொடும், அலை கண்ணாடி மாதிரி இருக்கும். அவள் இறுக்கினாள். அலையின் திரிபை அளக்கும் மீட்டரின் முள் பல்புக் காலத்தில் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும்வரை இறுக்கினாள். "டயோடுல இவ்வளவு சுத்தமா!" என்று முதலாளியே வாயைப் பிளந்தார். எல்லா அதிர்வெண்ணிலும் ஒலி வருகிறதா என்று பார்த்தாள், வந்தது. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல்கள் புகைந்து வெந்துகொண்டிருந்த அந்த அறையில் வந்தது. திருகு அசையாமலிருக்க அதன் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்தாள். பட்டறையில் மற்றவர்கள் சிவப்பு வைப்பார்கள். அவளுடையது கத்திரிப்பூ நிறம்.

அவள் தம்பி டப்பா ஆலையில் மெக்கானிக். தகடு வெட்டும் இயந்திரங்கள் நாளெல்லாம் இடிக்கிற கூடம். மனைவி இறந்தபின் அக்கா வீட்டு முன்னறையில்தான் இருந்தான். அவனுடைய மூலதனம் காது. பேரிங் கெடப்போவதை அது கெடுவதற்கு முன்பே சொல்வான். "மூணாவது மெஷின் கீச்சிடுது" என்பான், மற்றவர்களுக்கு இடியைத் தவிர ஒன்றும் கேட்காது. அடுத்த மேஸ்திரி அவன்தான் என்று பேச்சு.

ஆலை மருத்துவ அறையில் புதுக் கருவி வந்த வருஷம், குளிர் தொடங்கிய ஒரு காலையில், முதல் ஆளாகச் சோதனைக்குப் போனான். நாலாயிரம் ஹெர்ட்ஸில் இரண்டு காதிலும் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் உச்ச அளவுவரை ஏற்றியும் அவன் பொத்தானை அழுத்தவில்லை. இரைச்சல் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான் என்பது டாக்டர்களுக்குப் பாலபாடம். அன்று காலை போன வேறு நாலு பேருக்கும் அதே கதி. ஒப்பந்த ஆட்களாக இருந்த இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பியைக் கூடத்திலிருந்து எடுத்து வாசல் காவலில் போட்டார்கள்.

"எனக்கு நல்லாத்தான்கா கேக்குது," என்றான் வந்து. முகம் செத்திருந்தது. "நீ வந்து டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். மெஷினைப் பாக்கச் சொல்லு."

"எங்க மெஷின்டா அது. நானே டியூன் பண்ணது. பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீ பொய் சொல்றேன்னு சொல்லல. காது போறது போறவனுக்குத் தெரியாது."

அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அதன்பின் வீடே அவனிடம் கத்திப் பேசியது. அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். சாயங்காலம் வந்ததும் டிவியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "பாத்தீங்களா, இதுக்கு மேல என்ன ருசு வேணும்?" என்றாள் அவள் கணவரிடம்.

கணவர் கெட்டவர் இல்லை; அலுத்துப்போனவர். "எத்தனை நாளைக்கு இவனை வச்சுக்கிட்டிருக்கிறது?" என்று சமையலறையில் ஆரம்பிப்பார். முன்னறையைப் பார்த்துவிட்டு நிறுத்துவார்.

"குசுகுசுன்னு பேசுங்க, அவனுக்குக் கேக்காது," என்று தன் தொழிலறிவைக் காட்டினாள் அவள். "குசுகுசுப்புல இருக்கிறதெல்லாம் மேல் சுருதிச் சத்தம். அதுதான் அவனுக்குப் போச்சே." சொன்னது விஞ்ஞானப்படி சரி. அந்தத் தைரியத்தில் இருவரும் ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே மனம்விட்டுப் பேசினார்கள். அவளும் பேசினாள். "செவிடனுக்கு எவ இன்னொரு தடவை கழுத்தை நீட்டுவா? சாகுற வரைக்கும் என் தலையிலதான். அவ போனப்ப இவனும் போயிருந்தா..." என்றுகூட ஒரு நாள் சொல்லிவிட்டாள். அலுப்பில் வந்த வார்த்தை. அடுத்த நொடியே அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் கேட்க ஆள் இல்லை என்ற நிம்மதியும் இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் அந்தக் கருவியை அளவு சரிபார்க்க ஆலைக்குப் போனது அவளேதான். வாசலில் தம்பி கேட்டைத் திறந்துவிட்டான். காலை வெயில் இன்னும் எட்டாத மருத்துவ அறை பனிக்கட்டியாக இருந்தது. அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் கருவியை மாட்டினாள். ஆயிரம் ஹெர்ட்ஸ், அழகான அலை. "தினமும் காலையில இதைத்தான் ஹெட்போன்ல கேட்டுப் பாப்பேன்," என்றாள் நர்ஸம்மா. இரண்டாயிரம் வந்தது. நாலாயிரத்துக்குத் திருப்பினாள்.

திரையில் ஒரு நேர்கோடு.

வயர் கழன்றிருக்கும் என்று பார்த்தாள். கழலவில்லை. மூடியைத் திறந்தாள். கத்திரிப்பூ நிறப் பொட்டு அவளையே பார்த்தது. நாலாயிரத்துக்கான கெபாசிட்டர் ஜோடி ஒன்றுக்கொன்று ஒரு துளி ஒவ்வாதது. அங்கே பாலத்துக்கு மூன்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெருக்கம் வேண்டும். பட்டறை வெக்கையில் அந்தக் கொஞ்சம் எப்படியோ கிடைத்தது. இந்தக் குளிரில் எல்லாம் இம்மி நகர்ந்து, கிடைக்கவில்லை. அறை சூடான பிற்பகல்களில் ஒலி வந்திருக்கும். காலையில் வந்தவர்களெல்லாம் செவிடர்கள். ஒலியே இல்லாத ஹெட்போனைக் காதில் மாட்டி, ஏன் கேட்கவில்லை என்று அவர்கள் காதைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். பல்பாக இருந்திருந்தால் சமாளித்திருக்கும். ஏன், டயோடும் சமாளித்திருக்கும், அவள் அந்தத் திருகைக் கால் சுற்று விட்டுக்கொடுத்திருந்தால்.

நகத்தால் பொட்டைச் சுரண்டினாள். திருகினாள். நேர்கோடு சிலிர்த்து, வளர்ந்து, அலையாக நின்றது. திரிபு மீட்டரின் முள் அவள் வாழ்நாளில் அனுமதித்திராத இடத்தில் நின்றது. அதுவும் வரம்புக்குள்தான்.

"என்னம்மா பிரச்சினை?" என்றார் டாக்டர்.

"குளிரு, டாக்டர். காலைக் குளிர்ல நாலாயிரத்துல ஒலியே வரல," என்றாள். முழுப் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு எளிதாக வந்தது.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. போன வருஷம் காலையில் சோதித்தவர்களில் ஆலையில் இருப்பவர்களை உடனே கூப்பிடச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பிய இருவரை எங்கே போய்த் தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் வந்தவன் தம்பி. சோதனைக் கூண்டின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்தான். அக்காவை அவன் பார்க்கவில்லை. டாக்டர் நாலாயிரத்தில் ஒலியைக் குறைத்தார், அவன் அழுத்தினான். இன்னும் குறைத்தார், அழுத்தினான். கருவியின் கடைசி அளவுவரை இறங்கியும் அவன் விரல் தவறவில்லை.

"பச்சைப்பிள்ளைக் காது இது," என்றார் டாக்டர் சந்தோஷமாக. "ஊசி விழுந்தாக் கேக்கும். பக்கத்து ரூம்ல குசுகுசுன்னு பேசினாக்கூடக் கேக்கும்."

அவள் கை ப்ரீசெட்டின் மேலேயே நின்றுவிட்டது. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது.

வெளியே வந்தபோது அவன் வாசலில், தன் நாற்காலிக்கு அருகில் நின்றிருந்தான். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"தப்பு என்னுதுடா. குளிரு இல்ல. நான்தான் ரொம்ப இறுக்கிட்டேன். டாக்டர்கிட்டயும் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லு."

"உன்னைத் திரும்பக் கூடத்துக்கு எடுத்துக்குவாங்க."

"எடுத்துக்கட்டும். ஆலைக்குப் பின்னாடி ஒரு ரூம் பாத்திருக்கேன்கா. இன்னைக்கே போயிடறேன்."

"எதுக்குடா? இனிமே நாங்க யாரும் உன்கிட்டக் கத்தமாட்டோம்."

"நீங்க கத்தினது எனக்குக் கஷ்டமா இல்ல." அவன் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தினம் டிவியை ஏன் அவ்வளவு சத்தமா வச்சேன்னு நெனச்சே?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குரல் எழும்பவில்லை, காற்று மட்டும் வந்தது.

"கேட்டுச்சு," என்றான் அவன். லாரி ஒன்று வந்து நின்றது. கேட்டைத் திறக்கப் போனான்.